"இரட்டைப் பதிவுகளை நீக்கவும்": கேட்பதா, தொடங்கிவிடுவதா?

மேலாளர் ஒரு எக்செல் கோப்பை அனுப்புகிறார். 4,000 வாடிக்கையாளர்களின் பெயர், கைப்பேசி எண், முகவரி. கூடவே ஒரே வரி: "இரட்டைப் பதிவுகளை நீக்கி, மாலைக்குள் அனுப்பவும்." தெளிவான கட்டளை போலத்தான் தெரிகிறது. ஆனால் எது இரட்டைப் பதிவு? ஒரே எண் இரண்டு முறை வந்தாலே போதுமா, பெயரும் ஒத்துப்போக வேண்டுமா? கணவனும் மனைவியும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஒரே ஆள் ஒரு முறை "எஸ். குமார்" என்றும் மறுமுறை "குமார் எஸ்" என்றும் பதிவாகியிருப்பார். எண்ணை மட்டும் பார்த்தால் மனைவி பட்டியலிலிருந்து போய்விடுவார். பெயரையும் சேர்த்துப் பார்த்தால் குமார் இருவராகவே இருப்பார்.

இப்போது மூன்று வழிகள் உண்டு: உடனே கேட்பது, கேட்காமல் செய்துமுடிப்பது, "இரட்டைப் பதிவு" என்பதற்கு நாமாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சொல்லிவிட்டுச் செய்வது.

கேட்காமல் செய்வதன் கவர்ச்சி அதன் வேகம்தான். எக்செலில் Remove Duplicates பொத்தானை அழுத்தி, எண் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கட்டளை முதலில் வரும் வரிசையை வைத்துக்கொண்டு பின்னால் வருபவற்றை அழித்துவிடும். பட்டியல் பழையதிலிருந்து புதியதாக அடுக்கப்பட்டிருந்தால், பழைய முகவரி தங்கி, புதிய முகவரி தொலையும். திரையில் எத்தனை போயின, எத்தனை மிஞ்சின என்று மட்டுமே காட்டும். எவை போயின என்று காட்டாது. தவறு நடந்தது கடிதங்கள் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

உடனே கேட்பது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. "எப்படி நீக்கட்டும்?" என்று கேட்பவர், கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் தன் வேலையை மேலாளரின் மேசைக்கே திருப்பி அனுப்புகிறார். அவரும் கூட்டத்துக்கு நடுவே "வழக்கம்போல" என்று பதில் எழுதுவார். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேட்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு: கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு, இரண்டு பொருளிலும் நீக்கிப் பார்த்து எண்ணுவது. எண்ணை மட்டும் பார்த்தால் 310 வரிசைகள் போகின்றன, பெயரையும் சேர்த்தால் 290 போகின்றன என்று வைத்துக்கொள்வோம். குழப்பம் வெறும் 20 வரிசைகளில்தான். இங்கே மூன்றாவது வழிதான் சரி. 290-ஐ நீக்கிவிட்டு, மீதி 20-ஐத் தனித் தாளில் வைத்து, "இவற்றில் எண் ஒன்று, பெயர் வேறு, நீக்கவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம். யாரையும் காத்திருக்க வைக்கவில்லை, எதுவும் தொலையவுமில்லை.

அதே எண்ணிக்கை 310-க்கு 40 என்று வந்தால் கதை வேறு. இடைவெளி 270 வரிசைகள். இப்போது கேட்டே ஆகவேண்டும். ஆனால் இப்படி:

"112-ஆம், 870-ஆம் வரிசைகளில் ஒரே எண், பெயர்கள் வேறு. இதுபோல் 270 உள்ளன. கடிதம் வீட்டுக்கு ஒன்று போதுமென்றால் ஒன்றை நீக்கிவிடுகிறேன். ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டையும் வைக்கிறேன். மூன்று மணிக்குள் பதில் வராவிட்டால் இரண்டையும் வைத்தே அனுப்புகிறேன்."

மேலாளர் "வீட்டுக்கு ஒன்று" என்று இரண்டே சொல்லில் பதில் தரலாம். மௌனமாக இருந்தாலும் வேலை நிற்காது. எதையும் அழிக்காத பக்கமாகத்தான் அது நகரும். "இரட்டைப் பதிவு" என்பதற்கு விளக்கம் கேட்காமல், பட்டியல் எதற்கு என்று கேட்டிருப்பதையும் கவனிக்கலாம். நோக்கம் தெரிந்தால் விளக்கம் தானே வந்துவிடும்.

மூன்றாவது வழிக்கும் ஓர் எல்லை உண்டு. நாம் எழுதும் குறிப்பை யாரேனும் படிக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. கோப்பு நேராக மூலத் தரவுத்தளத்தில் ஏறப்போகிறது, அல்லது அன்று மாலையே அத்தனை பேருக்கும் குறுஞ்செய்தி போகப்போகிறது என்றால், இடைவெளி 20-ஆக இருந்தாலும் நான் கேட்பேன். அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெற முடியாது.

மற்றபடி நெடுவரிசைகளின் ஒழுங்கு, கோப்பின் பெயர், தேதி எழுதும் முறை போன்றவற்றுக்குக் கேள்வியே வேண்டாம். போன மாதம் அனுப்பிய கோப்பைத் திறந்தால் விடை அங்கேயே இருக்கும். இவற்றையும் அந்த ஒரு கேள்வியோடு சேர்த்து அனுப்பினால், மேலாளர் எளிதானவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு 270 வரிசைகளைப் பற்றியதை விட்டுவிடுவார்.

பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். இரண்டு பொருளிலும் நீக்கப்பட வேண்டிய அந்த 40 வரிசைகள் இருக்கின்றன. எந்த முகவரி புதியது என்று பார்த்து, அவற்றை இப்போதே முடித்துவிடலாம்.