டிஓ மீட்டரைச் சரிசெய்ய வாளி நீரா, ஈரக் காற்றா?

வேதாரண்யம் பக்கம் வன்னாமெய் இறால் குளங்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டிஓ மீட்டரின் மெம்பிரேன் புரோப் பழகிய கருவி. அதை இரு வழிகளில் சரிசெய்து பார்த்தபின், புரோப்பை ஈரக் காற்றில் வைத்துச் செய்வதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

மற்ற வழி, வாளி நீரில் மீன்தொட்டிப் பம்பால் காற்றூட்டி அதை நிறைநிலை என்று கொள்வது. அளக்கப்போகும் ஊடகத்திலேயே புரோப் இருப்பது அதன் பலம். ஆனால் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் குமிழி விட்டால், அங்குள்ள கூடுதல் அழுத்தத்தால் நீர் ஒன்றிரண்டு விழுக்காடு மிகைநிறைவு பெறக்கூடும். பம்பை நிறுத்திச் சற்று ஆறவிட்டு, புரோப்பை அசைத்துக்கொண்டே அளவெடுக்க வேண்டும்.

என்னை மாற வைத்தது உப்புதான். 28 டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில், நன்னீர் லிட்டருக்கு 7.83 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும். 20 பிபிடி உப்புநீரோ 7.00 மட்டுமே கொள்ளும். புரோப் உணர்வது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தைத்தான் என்பதால் இரண்டிலும் அதன் மின்னோட்டம் ஒன்றே. மில்லிகிராமாக மாற்றும் வேலையை, நாம் கொடுக்கும் உப்பளவை வைத்து மீட்டர் செய்கிறது. ஒருநாள் குழாய்நீர் வாளியில் புரோப்பை வைத்து, அட்டவணையிலிருந்த 7.83-ஐப் பதிந்தேன். மீட்டரில் முந்தைய நாளின் 20 பிபிடி அப்படியே இருந்தது. 7.00 என்று காட்ட வேண்டிய மின்னோட்டத்தை மீட்டர் 7.83 என்று எடுத்துக்கொண்டதால் அதன்பின் எல்லா அளவும் 12 விழுக்காடு கூடின. விடியற்காலையில் குளம் 4.0 காட்டியதால் கூடுதல் ஏரேட்டரைப் போடவில்லை. இறால்கள் கரையோரம் ஒதுங்கியதைக் கண்டு வின்க்ளர் என்ற வேதிமுறையில் சோதித்தபோது 3.6தான் வந்தது.

ஈரக் காற்றில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கேலிப்ரேஷன் கப்பில் சிறிது நீர் ஊற்றி, மெம்பிரேனில் துளி ஒட்டாமல் துடைத்து, மூடியை இறுக்காமல் வைத்து, வெயில் படாத இடத்தில் கால் மணி நேரம் விட்டு, 100 விழுக்காடு என்று பதிந்தால் போதும். உப்பளவைக் குளத்தில் இறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். அதை மறந்தால் இங்கும் பிழை வரும், ஆனால் எண்ணை மாற்றியவுடன் சரியாகிவிடும், மறுபடி கேலிப்ரேஷன் தேவைப்படாது.

அழுத்தம் இரு வழிக்கும் பொது. கடற்கரையில் அது பெரிதாக மாறுவதில்லை. ஊட்டி உயரத்தில் 580 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்போது 760 என்று விட்டால் அளவு முப்பது விழுக்காடு கூடிவிடும். வானிலை அறிக்கை தருவது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண் என்பதால் அதையும் அப்படியே பதியக்கூடாது.

ஒளிவழி புரோப்பை ஒரு பருவம்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அது ஆக்சிஜனை உண்பதில்லை என்பதால் வாளி முறையில் அசைக்கும் தொல்லை குறைகிறது. மெம்பிரேனை மாற்றிய நாளில் மட்டும், ஈரக் காற்றில் சரிசெய்தபின் வாளி நீரில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.