காதுகுத்து ஆல்பத்தின் இணைப்பை மூடியபோது

கூகுள் ஃபோட்டோஸில் ஆறு வருடங்களாகக் குடும்பப் படங்களைப் பகிர்ந்து வருகிறேன். மகளின் காதுகுத்துக்கு 140 படங்களை ஒரு ஆல்பமாகப் போட்டு, அதன் இணைப்பைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து எதேச்சையாக அந்த ஆல்பத்தைத் திறந்தபோது, அதில் சேர்ந்திருந்த 23 பேரில் மூன்று பேரை எனக்கு யாரென்றே தெரியவில்லை. இணைப்பு கை மாறிக் கை மாறி எங்கோ போயிருக்கிறது. பிள்ளையின் படங்கள் என்பதால் அன்றிரவு தூக்கமே வரவில்லை.

ஆல்பத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு, Options உள்ளே போய், Link sharing என்பதை அணைத்தேன். என் போனில் அதே இணைப்பைத் தட்டினால் ஆல்பம் வழக்கம்போலத் திறந்தது. பதறிவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, உரிமையாளரான எனக்கு அது எப்போதும் திறக்கும். கணக்கில் நுழையாத மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அங்கே திறக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பழைய செய்தியோடு முகப்புப் படம் சின்னதாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அது செய்தியோடு சேர்ந்து போன படம், இணைப்பை மூடினாலும் போகாது. அந்தச் செய்தியை அனைவருக்குமாக அழிக்கும் காலமும் கடந்திருந்தது.

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான்: இணைப்பை அணைப்பது, அதை மட்டும் கையில் வைத்திருப்பவர்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தங்கள் கணக்கோடு ஆல்பத்தில் சேர்ந்தவர்கள் உள்ளேயே இருப்பார்கள். அந்த மூன்று பேரையும் பட்டியலில் ஒவ்வொருவராக நீக்க வேண்டியிருந்தது.

நீக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவரை எடுத்தால் அவர் ஆல்பத்தில் சேர்த்த படங்களும் கருத்துகளும் கூடவே போய்விடும். மூவரில் ஒருவர் தாய்மாமா மடியில் பிள்ளை அழும் படங்கள் பன்னிரண்டு போட்டிருந்தார், அநேகமாக யாரோ ஒரு உறவினரின் நண்பராக இருக்கலாம். என்னிடம் அந்தக் கோணத்தில் ஒரு படமும் இல்லை. முதலில் அவற்றை என் கணக்கில் சேமித்துவிட்டு, பிறகுதான் நீக்கினேன். அவர்கள் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்ட படங்களை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது புதிய ஆல்பங்களில் ஒவ்வொருவரின் கணக்கையும் நானே சேர்க்கிறேன். கூகுள் கணக்கு இல்லாத பெரியம்மா, சித்தப்பா போன்றவர்களுக்காக மட்டும் இணைப்பைத் திறந்து வைப்பேன். போன பொங்கலுக்கு அப்படித்தான் திறந்தேன். "பாத்துட்டேன்பா" என்று பெரியம்மா போனில் சொன்ன அன்று மாலையே அணைத்துவிட்டு, மறைநிலையில் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டேன்.