ஒரே கோளாறுக்கு இரண்டு டிக்கெட்

மாங்கூழ் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். காவேரிப்பட்டணம் பக்கம் கூழ் ஆலை நடத்தும் ஒருவர் போன் செய்தார். "தம்பி, ஆபீஸ்ல சைட்டும் வரல, மெயிலும் வரல. வெளிநாட்டுப் பார்ட்டி ரேட் கேட்டுக் காத்துட்டு இருக்காங்க." கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து இப்படிச் சிறு நிறுவனங்களின் தளங்களைக் கவனிப்பது என் வேலை. என்னைக் கூப்பிடும் முன்பே, தளத்தையும் மெயிலையும் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு அவரே ஒரு டிக்கெட், அதாவது எழுத்தில் ஒரு புகார், போட்டிருந்தார். பிறகு நான் ஒன்று போட்டேன். கோளாறு ஒன்றுதான், கிடைத்த பதில்கள்தான் வேறு.

அவர் எழுதியது: "வெப்சைட் வேலை செய்யவில்லை. மிக அவசரம். உடனே சரிசெய்யவும்." இரண்டு மணி நேரம் கழித்து வந்த பதில்: "எங்கள் பக்கம் தளம் நன்றாகத் திறக்கிறது. பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள்." அண்ணனுக்குக் கோபம். ஆனால் சப்போர்ட் ஊழியர் பொய் சொல்லவில்லை. முகவரியைத் தட்டினார், தளம் திறந்தது. அதற்கு மேல் எதைத் தேடுவது என்று டிக்கெட்டில் ஒரு துப்பும் இல்லை.

எழுதும் முன் நான் ஒரே ஒரு சோதனை செய்யச் சொன்னேன்: போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். திறந்தது. அப்படியானால் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆபீஸ் இணைப்புக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கிறது. பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரின் கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டச் சொன்னேன்:

```
curl -4 https://ifconfig.me
```

இணையம் அந்த ஆபீஸை எந்த ஐபி எண்ணாகப் பார்க்கிறது என்பதை இது காட்டும். பலர் `ipconfig` கொடுத்து, `192.168` என்று தொடங்கும் எண்ணை அனுப்பிவிடுகிறார்கள். அது ரவுட்டர் வீட்டுக்குள் வைத்த பெயர், சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை.

நான் எழுதிய டிக்கெட்டை, ஐபியை மட்டும் மாற்றி, தமிழில் தருகிறேன்:

"இன்று காலை 9:20 முதல் (இந்திய நேரம்) ஆபீஸ் பிராட்பேண்டில் தளம் திறக்கவில்லை. பிரவுசர் காட்டுவது `ERR_CONNECTION_TIMED_OUT`. மெயிலும் இணையவில்லை. மொபைல் டேட்டாவில் இரண்டும் வேலை செய்கின்றன. ஆபீஸ் ஐபி `203.0.113.45`. நேற்று மாலை விற்பனை மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினோம். இந்த ஐபி ஃபயர்வாலில் தடுக்கப்பட்டுள்ளதா, எந்தக் காரணத்துக்காக என்று பார்க்கவும்."

இதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை உண்டு. யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்று பார்க்கும் சர்வரின் காவல் ஃபயர்வால். அதன் பதிவேட்டில் வரிகள் குவிந்து கிடக்கும். ஐபி இருந்தால் ஒரே தேடலில் அகப்படும். சர்வர் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் 9:20 அங்கே 3:50. "இந்திய நேரம்" என்ற இரண்டு சொல் இல்லையென்றால் ஊழியர் தவறான மணிநேரத்தில் தேடிக்கொண்டிருப்பார். பிழைச் செய்தியை எழுத்தாகவே தர வேண்டும். டைம்அவுட் என்றால் தட்டியும் பதிலே இல்லை என்று பொருள், ஃபயர்வால் தடையின் வழக்கமான அடையாளம் அது. `500` என்று வந்திருந்தால் சர்வர் பதில் சொல்லிவிட்டது, கோளாறு தளத்தின் நிரலிலோ அமைப்பிலோ இருக்கும். அப்போது ஐபியைவிட, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்பதே முக்கியம். பாஸ்வேர்டு மாற்றியதைச் சொல்லலாம், பாஸ்வேர்டை எழுதவே கூடாது.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அந்த ஐபியிலிருந்து விற்பனை மெயிலுக்குத் தொடர்ந்து தவறான பாஸ்வேர்டு வந்ததால் சர்வர் தானாகத் தடுத்திருக்கிறது. தடையை எடுத்துவிட்டோம், பழைய பாஸ்வேர்டு எந்தக் கருவியில் இருக்கிறது என்று பாருங்கள், இல்லையென்றால் மறுபடி தடுக்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இதையே லைவ் சாட்டில் கேட்டிருக்கலாமா? தடையை எடுப்பதற்கு மட்டும் என்றால் சாட்தான் வேகம், ஐபியைக் கொடுத்தால் அப்போதே முடியும். தடை ஏன் விழுந்தது என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருந்தால் டிக்கெட்டே மேல். ஷிஃப்ட் மாறினாலும் அடுத்தவர் முழுதும் படித்துத் தொடரலாம். ரவுட்டரை அணைத்துப் போடுவது மூன்றாவது வழி. பல இணைப்புகளில் ஐபி மாறிவிடுவதால் தளம் உடனே திறக்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் புது ஐபியும் மாட்டிக்கொள்ளும். அண்ணன் அன்று காலை இரண்டு முறை அதைத்தான் செய்திருந்தார். தளம் வந்து வந்து போனதற்குக் காரணம் அதுவே.

பழைய பாஸ்வேர்டு எங்கே இருந்தது என்று தேட அரை மணி நேரம் ஆனது. எடைமேடை அறையில் லாரி நம்பர் குறிக்க வைத்திருந்த பழைய போனில் விற்பனை மெயில் இன்னும் ஏற்றப்பட்டிருந்தது. ஆபீஸ் வைஃபையில்தான் அதுவும் இருந்தது. யாரும் தொடாமலே பழைய பாஸ்வேர்டோடு அது திரும்பத் திரும்ப மெயில் சர்வரைத் தட்டிக்கொண்டிருந்தது.