அட்டையா, ஒட்டுவில்லையா? ஈப்போ போகும் வழியில் எந்தத் தடம்

மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் மாமா பதினொரு படங்கள் அனுப்பியிருந்தார். மகள் கார் ஓட்ட, பக்கத்து இருக்கையில் இருந்து டோல் சாவடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்த படங்கள். சிலவற்றில் முன்கண்ணாடியில் வழிந்த மழைநீர்தான் அதிகம். டிக்கோயாவில் எங்கள் வீட்டு மேசையில் ஃபோனை வைத்து, ஒரு மாலை முழுக்க நானும் மனைவியும் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கோலாலம்பூரில் கார் வாடகைக்கு எடுத்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓட்டி ஈப்போ போவது திட்டம். மாமா கேட்டது ஒன்றுதான்: "எந்தத் தடத்தில் போகப் போகிறாய் மருமகனே? அதை அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டு வா."

முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். அப்படியும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஆகவே இது இரு பக்கத்தையும் சமமாகத் தராசில் வைக்கும் எழுத்தல்ல. டோலுக்குக் கையால் தொடும் அட்டையா, காரில் ஒட்டும் வில்லையா என்றால் நான் அட்டையின் பக்கம்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பலகைகள் மலாய் மொழியில், ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. 'மாசுக்' என்றால் நுழைவு, 'கெலுவார்' என்றால் வெளியேற்றம், 'லோரோங்' என்றால் தடம். வடக்கு 'உத்தாரா', தெற்கு 'செலாத்தான்'. ஈப்போவுக்கு இரண்டு பக்கமும் வெளியேறும் வழி இருப்பதால் கடைசி இரண்டு சொற்களும் தேவைப்படுகின்றன. எங்களைக் குழப்பியது இன்னொரு சொல். ஒரு தடத்தின் மேலே கட்டண முறையின் பெயரும் அதற்குக் கீழே 'சஹாஜா' என்றும் இருந்தது. நம் 'சகஜம்' நினைவுக்கு வர, எல்லோரும் போகும் சாதாரணத் தடம் என்று மனைவி படித்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மாமா ஃபோனிலேயே சிரித்தார். வேர் நம் பக்கத்துச் சொல்லாக இருந்தாலும் மலாயில் அதன் பொருள் 'மட்டும்'. குறிப்பிட்ட அந்த முறையில் கட்டணம் செலுத்துபவர் மட்டும் போகலாம் என்பதே பலகை சொல்வது. நாங்கள் படித்தது நேர் எதிர்.

படங்களில் தெரிந்த வழிகள் மூன்று. முதலாவது 'டச் அன் கோ' அட்டை. சாவடியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வாசிப்புக் கருவியில் தொட்டால் தடுப்புக் கம்பு எழும்பும். இரண்டாவது 'ஸ்மார்ட் டேக்'. அதே அட்டையை ஒரு சிறிய பெட்டிக்குள் செருகிக் கண்ணாடியோரம் வைத்தால் அகச்சிவப்புக் கதிர் வழியாகச் சாவடியோடு பேசும். மூன்றாவது 'ஆர்எஃப்ஐடி' எனப்படும் ஒட்டுவில்லை. முன்கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டிய வில்லையின் மின்னணுச் சில்லைச் சாவடியின் அலைவாங்கி படித்து, உரிமையாளரின் ஃபோன் பணப்பையில் இருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். நாட்டின் நெடுக்கே ஓடும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜூருவில் இருந்து ஸ்கூடாய் வரை இது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சாலையில் கட்டணத்தைக் காசாக வாங்குவது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. கையில் ரிங்கிட் நோட்டு எவ்வளவு இருந்தாலும் கம்பு எழும்பாது.

ஸ்மார்ட் டேக் பற்றி நான் அதிகம் பேச முடியாது. மாமாவின் பழைய வண்டியில் பக்கத்தில் இருந்து பார்த்ததோடு சரி. பெட்டிக்கு 9 வோல்ட் மின்கலம் போட வேண்டும், அது தீர்ந்தால் பெட்டியில் இருந்து அட்டையை உருவிக் கையால் தொட வேண்டும். வங்கி அட்டையைத் தொட்டுச் செலுத்தும் வசதியும் 2023இல் சில நகர நெடுஞ்சாலைகளில் தொடங்கியது. கோலாலம்பூருக்குள் ஒரே ஒரு முறை என் இலங்கை அட்டை வேலை செய்தது. அந்த ஒரு முறையை வைத்து யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆக, உண்மையான போட்டி அட்டைக்கும் ஒட்டுவில்லைக்கும்தான். அந்த ஊரிலேயே இருப்பவருக்கு ஒட்டுவில்லை நல்லது, அதை மறுக்கவில்லை. மழையில் கண்ணாடி இறக்க வேண்டாம், கை நீட்ட வேண்டாம். வாசிப்புக் கருவிக்கு எட்டாமல் நிறுத்திவிட்டு இடுப்புவரை வெளியே தொங்குகிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அட்டையைச் செருகி நீட்டுவதற்கென்றே பிளாஸ்டிக் குச்சி விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேகம் என்று சொல்லி ஒட்டுவில்லையை விற்பதை நான் ஏற்கவில்லை. கம்பு அந்தத் தடத்திலும் இருக்கிறது. வில்லையைப் படித்துக் கம்பு எழும்பும்வரை எல்லோரும் ஊர்ந்துதான் போகிறார்கள்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: நீங்கள் எங்கே நுழைந்தீர்கள் என்பது எதில் பதிவாகிறது?

நம் தெற்கு அதிவேகப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டாவையில் ஏறும்போது ஒரு டிக்கெட் தருகிறார்கள், காலியில் இறங்கும்போது அதைக் கொடுத்து, வந்த தூரத்துக்குப் பணம் கட்டுகிறோம். டிக்கெட்டைத் தொலைத்தால் தகராறு. கோலாலம்பூர் ஈப்போ சாலையும் அதே வகைதான். அங்கே டிக்கெட் கிடையாது, அட்டையே டிக்கெட். நுழைவில் தொடும்போது பணம் கழிவதில்லை. இந்தச் சாவடியில் ஏறினார் என்ற குறிப்பு அட்டையில் உள்ள சில்லில் எழுதப்படுகிறது. வெளியேறும்போது அதைப் படித்துக் கட்டணத்தைக் கழிக்கிறார்கள். ஆகவே ஏறும்போது தொட்ட அதே அட்டையை இறங்கும்போதும் தொட வேண்டும். கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்று இரண்டு அட்டை வைத்துக்கொண்டு கைக்குக் கிடைத்ததை நீட்டினால், நுழைவுக் குறிப்பே இல்லாத அட்டை என்று கம்பு நின்றுவிடும். ஸ்மார்ட் டேக் தடத்தில் நுழைந்து, கையால் தொட்டு வெளியேறலாம், ஏனென்றால் இரண்டிலும் அட்டை ஒன்றே. ஒட்டுவில்லையில் நுழைந்தால் அப்படி முடியாது. அந்தப் பதிவு வில்லையின் கணக்கில் இருக்கிறது, உங்கள் சட்டைப் பையில் இல்லை.

நான் மாட்டியது இங்கேதான். வாடகைக் காரின் முன்கண்ணாடியில் ஒரு வில்லை இருந்தது. காரைக் கொடுத்தவர் "உங்கள் அட்டையையே பாவியுங்கள்" என்றார். வில்லை உயிரோடு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா சாவடியில் வரிசை குறைவாக இருந்த தடத்தில் நுழைந்தேன். மேலே அட்டைச் சின்னம், வில்லைச் சின்னம் இரண்டும் இருந்தன. நான் கண்ணாடியை இறக்குவதற்குள் கம்பு எழும்பிவிட்டது. பின்னால் லொறி. சரி, நல்ல காலம் என்று போய்விட்டேன். ஈப்போ செலாத்தானில் அட்டைக்கு மட்டுமான தடத்தில் இறங்கித் தொட்டேன். சிவப்பு விளக்கு. மறுபடி தொட்டேன். மறுபடியும் சிவப்பு. அட்டையில் பணம் இருந்தது, ஏறிய இடம் இல்லை. அது காரைக் கொடுத்தவரின் வில்லையில் இருந்தது.

இப்படி நின்றால் பின்னால் எடுக்கக் கூடாது. உதவிப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த ஊழியர் ஒன்றும் கேட்கவில்லை, முன்கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். பின்னால் நின்ற மூன்று வண்டிகளை அவரே நகர்த்தி, என்னை அடுத்த தடத்துக்கு அனுப்பினார். கம்பு எழும்பியது. கார் திருப்பிக் கொடுத்தபோது டோல் கட்டணமும் அதன் மேல் ஒரு கையாளுகைக் கட்டணமும் முன்பணத்தில் கழிந்திருந்தன. எத்தனை சாவடிக்கு எவ்வளவு என்று காட்டச் சொன்னேன். கணக்கு அவருடைய ஃபோனில், அவர் காட்டியதுதான் கணக்கு.

திரும்பி வரும்போது கவனமாக இருந்தேன். கண்ணாடியில் வில்லை இருந்தால், அட்டைச் சின்னத்தோடு 'சஹாஜா' எழுதிய தடத்தையே தேட வேண்டும். தொட்டதும் திரையில் 'பாக்கி' என்ற சொல்லும் தொகையும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மலாயிலும் மீதியைப் பாக்கி என்றுதான் சொல்கிறார்கள், இந்தச் சொல் மட்டும் நம்மை ஏமாற்றவில்லை. அந்தத் தொகை தெரிந்தால் பதிவு உங்கள் அட்டையில் விழுந்துவிட்டது. தொகை தெரியாமல் கம்பு எழும்பினால் வேறு ஏதோ படிக்கப்பட்டிருக்கிறது. இறங்கும்போது வில்லைத் தடத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

அட்டைக்கும் ஒரு நோவு உண்டு, மீள்நிரப்புவது. 'தம்பா நிலாய்' என்று பலகை இருந்தால் அங்கே பணம் ஏற்றலாம். ஆனால் சாவடித் தடங்களிலேயே ஏற்றித் தரும் வழக்கம் குறைந்துவிட்டது. பெட்ரோல் நிலையத்திலோ வழியில் வரும் ஓய்விடத்திலோ முன்கூட்டியே ஏற்ற வேண்டும், அதற்குச் சில இடங்களில் 50 சென் கூடுதலாக வாங்குகிறார்கள். 2022இல் வந்த புதிய வகை அட்டை 10 ரிங்கிட். அதன் மேல் ஃபோனை வைத்தே பணம் ஏற்றலாம், ஆனால் ஃபோனில் அந்த ஊர்ப் பணப்பை இருக்க வேண்டும். மாமா மகள் தன் ஃபோனை வைத்து 50 வெள்ளி ஏற்றித் தந்தாள். அங்கே நம்மவர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். உறவு இல்லாதவர் காசோடு பெட்ரோல் நிலையத்துக்குப் போகலாம், வேலை ஒன்றுதான். ஒட்டுவில்லையில் இதுவும் உங்கள் கையில் இல்லை. காரைக் கொடுத்தவரின் பணப்பை காலியானால் சாவடியில் நிற்பது நீங்கள்.

வேக அறிவிப்புகளில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. சிவப்பு வளையத்துக்குள் எண், அதோடு 'ஹாட் லாஜு' என்றால் வேக வரம்பு. 'கேஎம்' என்பதை அடுத்து 'ஜே' என்று இருப்பது அச்சுப் பிழையோ என்று நினைத்தோம். மணி என்பதற்கு மலாயில் 'ஜாம்', அதன் முதலெழுத்து. நெடுஞ்சாலையில் பொது வரம்பு 110. நம் தெற்குப் பாதையில் 100. ஹட்டனில் இருந்து கினிகத்தேனை இறங்கும் எங்களுக்கு இரண்டுமே கனவு வேகம். சாவடி நெருங்கும்போது எண்கள் படிப்படியாக இறங்குகின்றன, 'குராங்கான் லாஜு', அதாவது வேகத்தைக் குறை என்ற பலகையும் தரையில் குறுக்குக் கோடுகளும் வருகின்றன. தடத்தை அந்தக் கோடுகளுக்கு முன்பே தெரிவு செய்துவிட வேண்டும். கோட்டைத் தாண்டியபின் தடம் மாற்றுகிறவர்களால்தான் அங்கே ஹோர்ன் சத்தம். ஈப்போவைக் கடந்து வடக்கே மெனோரா சுரங்கப் பக்கம் மலைப்பாதையில் வரம்பு குறைவு. அந்தப் பகுதியில் ஓட்டியது மாமா மகள். வளைவுகளைப் பார்த்து அவள் முணுமுணுத்தாள். எங்களுக்கு அது ரம்பொடை போல இருந்தது, கொஞ்சம் அகலமாக.

அட்டையில் 11 வெள்ளி சொச்சம் பாக்கியோடு ஊருக்குக் கொண்டுவந்தேன். மேல் வீட்டு அண்ணன் அடுத்த மாதம் பினாங்கு போகிறாராம், வாங்கிப் போயிருக்கிறார். தீவுக்குப் போகும்போது மட்டும் பாலத்தில் கட்டணம் உண்டு, திரும்பி வரும்போது இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் நம்பவில்லை. அந்தச் சாவடியின் படம் மாமாவின் பதினொன்றில் இருக்கிறது, அனுப்பி வைத்தேன்.