வெளியூர் மேட்ச்: நேரில் பார்க்க எப்போ டிக்கெட் போடணும்?

சில வருஷமாக டேட்டிங் ஆப் பயன்படுத்துகிறேன். நான் இருப்பது சென்னை. எனக்குச் சரிப்பட்டு வருகிற மேட்ச் பெரும்பாலும் பெங்களூரில்தான் அமைகிறது. ஆளைக் காட்டுவதோடு ஆப்பின் வேலை முடிந்தது. நேரில் எப்போது பார்ப்பது என்பதை நாம்தான் முடிவு பண்ண வேண்டும்.

என் கணக்கு இதுதான். முதல் வாரம் சாட். அடுத்த வாரக் கடைசியில் வீடியோ கால். பேசிப் பிடித்திருந்தால், அந்த வீடியோ காலை முடிப்பதற்குள்ளேயே மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிடுவேன். தினமும் ராத்திரி பேசும் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் நாம் பார்க்கப் போவது அந்த ஆளை இல்லை. சாட்டில் யாருமே யோசித்து, நல்லதாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மிச்சத்தை நம் மனசு தனக்குப் பிடித்தபடி நிரப்பிக்கொள்ளும். ஜோசப் வால்தர் என்கிற ஆய்வாளர் 1996-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். நான் பார்க்கும் அறிகுறி ரொம்பச் சாதாரணம்: மெசேஜ் வரவில்லை என்று தூக்கம் கெட்டால், தேதி தள்ளிப்போய்விட்டது.

ரயிலுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால், சனிக்கிழமை சதாப்தியோ வந்தே பாரத்தோ கடைசி நேரத்தில் கிடைக்காது. தட்காலை நம்பினால் முந்தின நாள் காலை 10 மணிக்கு ஃபோனோடு மல்லுக்கட்ட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி, இரண்டு டிக்கெட்டையும் என் காசில் நானே போடுவேன். தங்கல் கிடையாது. திரும்பும் ரயில் இருக்கிறது என்பதே எழுந்து வர நல்ல காரணம்.

ஒருவரோடு ஃபோனில் பேசினால் நேரம் போவதே தெரியாது. மல்லேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலில் சந்தித்தோம். காபி கொஞ்சம் ஆறிப்போய் வந்தது. சர்வர் பையனை அவர் "ஏய்" என்று கூப்பிட்ட தொனி எந்த வீடியோ காலிலும் வந்திருக்காது. திரும்பும்போது ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். வருத்தம் இரண்டு நாள்தான் இருந்தது. இதுவே ஆறு மாசம் பேசிய பிறகு என்றால், அந்த "ஏய்"க்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பேன்.

தேதியைத் தள்ளிப்போடுவது தப்பில்லை. அலுவலக ரிலீஸ், வீட்டில் விசேஷம் எல்லாம் வரும். வேறு தேதியை அவர்களே சொல்கிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். சொல்லாமல் ராத்திரிப் பேச்சு மட்டும் தொடர்ந்தால் நிறுத்திவிடுவேன். நேரில் பார்ப்பதற்கு முன் பணம் கேட்டால் உடனே பிளாக்.

துபாய், அமெரிக்கா மேட்ச்சுக்கு இந்த மூன்று வாரக் கணக்கு எடுபடாது. அவர்கள் லீவு தேதி உறுதியாகும் வரை வாரத்துக்கு இரண்டு காலுக்கு மேல் பேசுவதில்லை.