38,600 ரூபாய்க்குக் கற்ற பாடம்: ஹப் கிரீசிங் செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

மாதவரம் பகுதியில் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பை நம்பி நேற்றோடு 38,600 ரூபாய் இழந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் வண்டி விடுபவர்கள் எச்சரிக்கையாக இருந்தால் போதும்.

சென்ற வாரம் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் ஹப் கிரீசிங், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியைக் கழற்றிப் பேரிங்குக்குப் புது கிரீஸ் போடும் வேலை, செய்யக் கொடுத்தேன். மெக்கானிக் பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிக் காட்டி, "இன்னும் ஒரு வருஷம் ஓடும் அண்ணே" என்றார். என் பணத்தை மிச்சப்படுத்தும் மனிதர் என்று மகிழ்ந்துபோனேன். லேபிள் இல்லாத திறந்த டிரம்மிலிருந்து பையன் கிரீஸை அள்ளியதை டீ குடித்துக்கொண்டே பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளே டிரைவர், ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கிறது என்றார். போனில் கேட்டதற்கு, "அலைன்மென்ட் பாருங்க" என்று முடித்துவிட்டார்கள். ஓசூரிலிருந்து பத்து டன் கம்பியுடன் தொப்பூர் கணவாய் இறங்கி நிறுத்தியபோது வலது முன் சக்கரத்தில் புகை. ஹப் மூடி ஓரமாக உருகிய கிரீஸ் வழிந்து டயரில் கோடு போட்டிருந்தது.

சேலம் மெக்கானிக் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். அரைச் சுற்றுகூட வரவில்லை. பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் முறுக்கியிருந்ததால் பிரேக் லைனர் பிரேக் டிரம்மை உரசியபடியே ஓடியிருக்கிறது. பிரேக்கைத் தளர்த்திய பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆட்டம். கழற்றினால் பேரிங் ரோலர்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. வழிந்த கிரீஸ் லைனரிலும் ஏறியிருந்தது.

ஒர்க்‌ஷாப்காரரோ, "பிரேக்கை மிதிச்சே இறங்கினா சுடத்தான் செய்யும்" என்றார். அப்படியானால் இடது சக்கரமும் அதே அளவு சுட்டிருக்க வேண்டாமா? அதே அச்சில் அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதையும் திறந்தோம், உள்ளே அதே கிரீஸ், பழையதோடு கலந்து கிடந்தது. அங்கே பிரேக் உரசாததால் தப்பியது. நான் நேரில் போய்க் கத்திய பிறகு அந்தப் பையன், அது ஷாக்கிள் பின்னுக்குப் போடும் டிரம் என்று ஒப்புக்கொண்டான். அதாவது சேஸிஸுக்குப் போடும் சாதாரண கால்சியம் கிரீஸ். ஏறக்குறைய 100 டிகிரியிலேயே உருகிவிடும். லித்தியம் கிரீஸ் உருக 180 டிகிரியாவது வேண்டும்; ஹப்புக்குப் போட வேண்டியது அதுதான்.

அதன்பின் முதலாளி வெளியூர், கணக்குப்பிள்ளை லீவு, இப்போது என் எண்ணையே எடுப்பதில்லை. இரண்டு பேரிங், சீல், லைனர், டிரம் கடைசல், கூலி, லோடு தாமதத்துக்குப் பிடித்தம் என்று மொத்தம் 38,600 ரூபாய்!

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. கிரீஸ் டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இறக்கம் முடிந்ததும் இடது வலதை ஒப்பிடுங்கள். சுட்ட பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.