ஒரே காபனீரொட்சைட்டு, இரண்டு குருதி

திருகோணமலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே இரவில் இருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி மூச்சு மந்தமான இளைஞர். மற்றவர், பல்லாண்டு சுருட்டுப் புகைத்து நுரையீரல் கெட்ட திருக்கடலூர் மீனவர். இருவரின் தமனிக் குருதியிலும் காபனீரொட்சைட்டு அழுத்தம் 70 mmHg; இயல்பான அளவு சுமார் 40. காபனீரொட்சைட்டு மிகுந்தால் குருதியில் அமிலம் கூடி, pH இறங்கும்.

அந்த அமிலத்தைச் சமப்படுத்தும் பைகாபனேட் இளைஞருக்கு 27தான், pH 7.21. சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் போன்றவை அமிலத்தைத் தாங்கிப் பிடிப்பதால் கிடைக்கும் சிறு உயர்வு அது. மீனவருக்கோ பைகாபனேட் 36, pH 7.33.

இந்த வித்தியாசம் சிறுநீரகத்தின் வேலை. அது குளுட்டமினை உடைத்து அமோனியா தயாரித்து, அமிலத்தை அமோனியமாகச் சிறுநீரில் தள்ளுகிறது. தள்ளப்படும் ஒவ்வோர் அமோனியத்துக்கும் ஈடாகப் புதிய பைகாபனேட் ஒன்று குருதிக்குச் செல்கிறது. இதற்கான நொதிகள் பெருகவேண்டும். ஆகவே முழு ஈடுசெய்தலுக்கு மூன்று முதல் ஐந்து நாள்கள் பிடிக்கும். இளைஞருக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை.

pH மட்டும் பார்த்தால் மீனவர் தேவலை என்று தோன்றும். ஆனால் செயற்கைச் சுவாசத்தில் அவரது 70-ஐ அவசரமாக 40-க்கு இறக்கினால், பைகாபனேட் உடனே இறங்காது, pH 7.58-க்கு எகிறி, வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம். அவருக்கு இலக்கு, அவரது வழக்கமான அளவுதான்.